டியூப்லெஸ் டயரில் ஸ்க்ரூ ஏறினால்: சாலையோரத்தில் திரி அடைப்பது பற்றி

கேள்வி: நேற்று மாலை பாயான் லெப்பாசில் வேலை முடிந்து காரை எடுக்கப் போனபோது இடது பின் டயரில் ஒரு ஸ்க்ரூ ஏறியிருப்பதைப் பார்த்தேன். டியூப்லெஸ் டயர். காற்று பாதிதான் இறங்கியிருந்தது. ஓட்டையைத் திரியால் அடைக்கும் பிளக் கிட் ஒன்று கார் பூட்டில் கிடக்கிறது, ஆனால் பயன்படுத்திப் பழக்கமில்லை. ஸ்பேர் டயரை மாட்டிக்கொண்டு பட்டர்வொர்த் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஸ்க்ரூ இன்னும் டயரில்தான் இருக்கிறது. அங்கேயே நானே அடைத்திருக்கலாமா? அடைத்தால் எத்தனை நாள் தாங்கும்? அடுத்த வாரம் தீபாவளிக்குக் குடும்பத்தோடு ஈப்போ போகவேண்டும்.

பதில்: அடைத்திருக்கலாம். ஆனால் ஸ்பேர் டயர் கையில் இருந்தபோது அதை மாட்டிக்கொண்டு வந்ததுதான் நல்ல முடிவு. வெளியிலிருந்து திரி மட்டும் செருகிய டயரோடு, கார் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஈப்போவுக்குப் போகவேண்டாம். டயரை ரிம்மிலிருந்து கழற்றி உள்பக்கத்தைப் பார்த்து, உள்ளிருந்து ஒட்டுப் போட்ட பிறகு தாராளமாகப் போகலாம். எத்தனை நாள் தாங்கும் என்பதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது என்பதால் அதைப் பிறகு விளக்குகிறேன். நான் பிறை வட்டாரத்தில் ஒரு டயர் கடையில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறவன். கார் டயரைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். உங்கள் டயரை நான் பார்க்கவில்லை. ஆகவே அதைப் பற்றிச் சொல்வதில் ஒரு பகுதி ஊகமாகத்தான் இருக்கும், அப்படிப்பட்ட இடங்களில் அதை ஊகம் என்றே குறிப்பிடுகிறேன்.

கிட்டைத் திறப்பதற்கு முன்னால் முடிவு செய்யவேண்டியது, ஸ்க்ரூவைப் பிடுங்குவதா வேண்டாமா என்பது. பலரும் ஸ்க்ரூவைக் கண்டவுடன் குறட்டால் இழுத்துவிடுகிறார்கள். மெதுவாகக் கசிந்துகொண்டிருந்த டயர் அந்த நொடியில் வேகமாகக் காற்றை இழக்கத் தொடங்கும். டியூப்லெஸ் டயருக்குள் டியூப் இல்லாததால், ரப்பர் ஸ்க்ரூவை நாலாபக்கமும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது, ஓட்டையை உண்டாக்கிய ஸ்க்ரூவே இப்போதைக்கு அதன் மூடியாகவும் இருக்கிறது. ஸ்க்ரூ டயரைத் துளைத்து உள்ளே போயிருக்கிறதா என்பதுகூட உறுதியில்லை. புது டயரில் பள்ளத்தின் ஆழம் மட்டுமே 7 அல்லது 8 மில்லிமீட்டர் இருக்கும், அதற்கும் கீழே ரப்பரும் எஃகுக் கம்பிப் பட்டைகளும் உண்டு. குட்டை ஸ்க்ரூவாக இருந்தால் தலை தெரியும்படி ரப்பரில் மட்டும் குத்திக்கொண்டு நிற்கும், காற்றுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. தலையின் மேல் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். குமிழ் வரவில்லை என்றால் கசிவு அங்கே இல்லை. வால்விலோ ரிம் ஓரத்திலோ தேடவேண்டும். உங்கள் டயரில் காற்று பாதி இறங்கியிருந்தது என்கிறீர்கள், ஆகவே ஸ்க்ரூ உள்ளே போயிருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

ஸ்க்ரூவோடு ஓட்டிச் செல்லலாமா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. டயரை அதற்குரிய அழுத்தம் வரை நிரப்புங்கள். அந்த அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும்; உங்கள் காருக்கு 220 கிலோபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். 215 காட்டினால் நிமிடத்துக்கு அரை கிலோபாஸ்கல் போகிறது. மாலை நெரிசலில் 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலத்தைக் கடக்க 40 நிமிடம் பிடித்தாலும் 200-க்கு அருகில் இருக்கும், அக்கரையில் கடையைத் தேடலாம். அதே பத்து நிமிடத்தில் 180-க்கு வந்துவிட்டால் நிமிடத்துக்கு 4 போகிறது. பாலத்தைக் கடந்து முடிப்பதற்குள் டயர் ஏறத்தாழ சப்பையாகியிருக்கும். சக்கரம் சுழலும்போது ஸ்க்ரூ அசைந்து ஓட்டை இளகும் என்பதால், நின்ற நிலையில் அளந்ததைவிட ஓடும்போது கசிவு கூடலாமே தவிரக் குறையாது. அதனால் 215 வந்தாலும் பாலத்தில் ஏறாமல், பாயான் லெப்பாசிலேயே ஒரு டயர் கடைக்குப் போவதைத்தான் நான் விரும்புவேன். கிட்டை வெளியே எடுக்கவேண்டியது இரண்டாவது நிலைமையில், அதுவும் ஸ்பேர் இல்லாதபோது.

அடுத்தது, ஓட்டை எங்கே இருக்கிறது என்பது. இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. டயரில் சாலையைத் தொடும் முகப்பில் சுற்றிலும் ஓடும் பெரிய பள்ளங்களில், இரு ஓரங்களிலும் கடைசியாக இருப்பவற்றுக்கு நடுவே ஓட்டை இருந்தால் அடைக்கலாம். அவற்றுக்கு வெளியே தோள்பகுதியிலோ பக்கச்சுவரிலோ இருந்தால் அடைக்கக் கூடாது. பிரிட்டனின் டயர் பழுதுபார்ப்புத் தரநிலையும் முகப்பு அகலத்தில் நடுவே உள்ள ஏறத்தாழ முக்கால் பங்கைத்தான் அனுமதிக்கிறது, ஓட்டையின் அளவும் 6 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. காரணம் எளிது. முகப்பின் நடுப்பகுதியை எஃகுப் பட்டைகள் விறைப்பாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. தோளும் பக்கச்சுவரும் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கின்றன. அந்த மடிப்பில் திரி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வெளியே வந்துவிடும். அது வரும் நேரம் பெரும்பாலும் டயர் சூடேறி வேகமாக ஓடிக்கொண்டிருக்கும் நேரமாகத்தான் இருக்கும். பள்ளங்களுக்கு நடுவே குறுக்காக நிற்கும் சிறு ரப்பர் மேடுகள் முகப்போடு சமமாகத் தேய்ந்திருந்தால் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டது என்று பொருள். அந்த டயரை அடைப்பதே வீண்.

எங்கே நின்று இதைச் செய்கிறீர்கள் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. பாலத்தின் மேலும் நெடுஞ்சாலையின் அவசரத் தடத்திலும் இந்த வேலையைச் செய்யவே வேண்டாம். குனிந்து, சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பதினைந்து இருபது நிமிடம் செய்யும் வேலை இது. அபாய விளக்கைப் போட்டு மெதுவாக உருட்டிக்கொண்டு வெளியேறும் வழி வரையோ ஓய்விடம் வரையோ போய்விட முடிந்தால் போய்விடுங்கள். அதில் டயர் பாழானாலும் பரவாயில்லை, டயரைப் புதிதாக வாங்கலாம். அதுவும் முடியாவிட்டால் தடுப்புக்கு அப்பால் ஏறி நின்றுகொண்டு உதவிக்கு அழையுங்கள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் இருந்தால் பிளஸ் நிறுவனத்தின் 1800-88-0000 என்ற எண் இருக்கிறது. தொழிற்சாலைக் கார் நிறுத்துமிடம், பெட்ரோல் நிலையத்தின் ஓரம், தாமான் உள்வீதி போன்ற சமதளமான இடங்கள்தான் இதற்கு ஏற்றவை. அதிலும் பெட்ரோல் நிலையம் என்றால் காற்றும் தண்ணீரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

இனி வேலையைப் பார்ப்போம். உங்கள் கிட்டில் பிடி வைத்த இரண்டு கருவிகள் இருக்கும். ஒன்று அரம்போல் சொரசொரப்பான சுருள் கம்பி, மற்றொன்று நுனியில் பிளவுபட்ட கண் உள்ள ஊசி. அவற்றோடு ஒட்டும் தன்மையுள்ள, ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீளமான சில திரிகளும் ஒரு சிறிய ரப்பர் பசையும் இருக்கும். தனியாக ஒரு குறடும், கட்டர் கத்தியும், காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் காற்றுப் பம்பும் வேண்டும். பம்ப் இல்லாத கிட் பாதி கிட்தான், ஏனென்றால் அடைத்து முடித்த டயரில் காற்று இல்லையென்றால் நின்ற இடத்தை விட்டு நகர முடியாது. கைப்பிடி பிளாஸ்டிக்காக இருந்தால் அழுத்தும்போது உடைந்து உள்ளங்கையில் குத்தும். உலோகப் பிடியுள்ளதையே வாங்குங்கள்.

ஸ்க்ரூ இன்னும் உள்ளே இருக்கும்போதே டயரை நிரப்பிவிடுங்கள். காற்றில்லாத டயரில் ஊசியை அழுத்தினால் முகப்பு உள்வாங்கும், விசை வீணாகும், ஊசியும் வளையும். டயர் இறுகி இருந்தால்தான் அது எதிர்த்து நிற்கும். காரை மெல்ல முன்னும் பின்னும் உருட்டி, ஸ்க்ரூ தரைக்கடியிலோ சக்கர வளைவின் உள்ளே எட்டாத இடத்திலோ இல்லாமல் வெளிப்படும்படி நிறுத்துங்கள். முன் சக்கரமாக இருந்தால் ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பினாலே முகப்பு வெளியே வந்துவிடும், வேலை சுலபம். பின் சக்கரத்தில் அந்த வசதி இல்லை. பம்பருக்குக் கீழே, டயரின் பின்பக்க முகப்பில் ஸ்க்ரூ வரும்படி நிறுத்திப் பார்க்கலாம். பல சிறிய கார்களில் அங்கே கையை வைத்துப் பலமாக அழுத்த இடம் போதாது. அப்போது ஜாக் போட்டுச் சக்கரத்தைக் கழற்றவேண்டியிருக்கும். கழற்றிய கையோடு ஸ்பேரை மாட்டிவிடலாமே என்ற கேள்வி அந்த இடத்தில் தானாக வந்துவிடும். நீங்கள் நேற்றுச் செய்ததை நான் சரி என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ஸ்பேர் இல்லாமல் வரும் புதிய கார்களை வைத்திருப்பவர்களுக்குத்தான் மற்றதெல்லாம்.

கை பிரேக்கை இழுத்து, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்துவிட்டு, ஸ்க்ரூவைச் சுற்றிச் சாக்குக்கட்டியாலோ பேனாவாலோ ஒரு வட்டம் போடுங்கள். பிடுங்கிய பிறகு ரப்பர் மூடிக்கொள்ளும். ஈரமான கறுப்பு டயரில், மாலை வெளிச்சத்தில், அந்த ஓட்டையைத் தேடுவது பெரிய சோதனை. திரியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் தாளை உரித்து, குறட்டால் அதன் முனையை நசுக்கி ஊசியின் கண்ணுக்குள் நுழைத்து, இரண்டு பக்கமும் ஒரே நீளம் தொங்கும்படி இழுத்து வையுங்கள். இதையும் பிடுங்குவதற்கு முன்னாலேயே முடித்துவிடவேண்டும். திரி தொட்டால் விரலில் ஒட்டவேண்டும். காய்ந்து கயிறுபோல் இருந்தால் அது பயன்படாது. நம் ஊர் வெயிலில் பூட்டுக்குள் ஓரிரு ஆண்டு கிடந்த கிட்டில் திரி உலர்ந்தும் பசை குழாய்க்குள்ளேயே கட்டியாகியும் இருப்பது வழக்கம், ஆகவே உங்கள் கிட்டை இன்றைக்கே ஒருமுறை திறந்து பாருங்கள்.

ஸ்க்ரூவைக் குறட்டால் பிடித்து நேராக இழுக்காமல், இடப்பக்கமாகத் திருகி மெதுவாகக் கழற்றுங்கள். பாதி வரும்போதே காற்று சீறினால், தயாராக இல்லையென்றால் மறுபடி வலப்பக்கம் திருகி உள்ளேயே விட்டுவிடலாம். ஆணியில் இந்த வசதி கிடையாது. கழற்றும்போது அது எந்தச் சாய்வில் வெளியே வருகிறது என்பதைக் கவனியுங்கள். ஓடும் சக்கரத்தில் ஏறுவதால் ஸ்க்ரூ பெரும்பாலும் சாய்ந்தே நிற்கும். இந்தச் சாய்வுதான் அடுத்த வேலைக்கு வழிகாட்டி. வெளியே வந்ததும் அதன் தண்டின் தடிமனைப் பாருங்கள். 6 மில்லிமீட்டருக்கு மேல் என்றால், அதாவது சாதாரண பென்சிலின் தடிமனை நெருங்குகிறது என்றால், திரி அதற்குப் போதாது.

சுருள் கம்பியில் பசையைத் தடவி, அதே சாய்வில் ஓட்டைக்குள் திருகிக்கொண்டே அழுத்துங்கள். இதுதான் முழு வேலையிலும் கடினமான கட்டம், இங்கேதான் அதிகம் கெட்டுப்போகிறது. முதலில் ரப்பரின் மென்மையும் பிறகு கம்பிப் பட்டையின் உரசலும் கையில் தெரியும். எஃகு நறநறவென்று பிடிக்கும். சாய்வு மாறிப் பலத்தால் அழுத்தினால் கம்பி பழைய வழியை விட்டுப் புதிதாக ஒரு வழியைத் துளைத்துக்கொள்ளும்; வெளியே ஒரு வாய், உள்ளே இரண்டு ஓட்டை என்றாகிவிடும், திரி ஒன்றை அடைக்க மற்றது கசியும். பலத்தைக் கூட்டுவதற்கு முன்னால் சாய்வைக் கொஞ்சம் மாற்றித் தேடுங்கள். சரியான வழி கிடைத்தால் உரசல் இருந்தாலும் கம்பி உள்ளே போகும். பிடி வரை போன பிறகு திருகிக்கொண்டே சில தடவை உள்ளும் வெளியுமாக இழுங்கள். அறுந்து துருத்திக்கொண்டிருக்கும் எஃகுப் பட்டையின் கம்பி நுனிகளை ஒழுங்குபடுத்துவதும், ரப்பரைச் சொரசொரப்பாக்கிப் பசை பிடிக்கச் செய்வதும்தான் இதன் நோக்கம். இதைச் சரியாகச் செய்யாவிட்டால் அந்தக் கம்பி நுனிகளே சில நூறு கிலோமீட்டரில் திரியை அறுத்துவிடும். அதற்காக ஓட்டை அகலமாகட்டும் என்று அராவிக்கொண்டே இருக்கவும் கூடாது. ஒவ்வொரு தடவையும் பட்டையின் கம்பியும் கொஞ்சம் சேர்ந்துதான் அறுகிறது. கையில் உரசல் ஒரே சீராகத் தெரிந்தவுடன் நிறுத்திவிடுங்கள்.

கம்பியை உருவியவுடன், பசை தடவிய திரியோடு ஊசியை அதே சாய்வில் வையுங்கள். மணிக்கட்டால் குத்தாமல், இரண்டு கையாலும் பிடியைப் பற்றி உடம்பின் எடையைச் சாய்த்து, சீராக அழுத்துங்கள். திரியின் இரண்டு வாலும் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு வெளியே நிற்கும்போது நிறுத்தவேண்டும். குறைவாகச் செருகினால் ஊசியோடு திரியும் திரும்பி வந்துவிடும். வால் முழுதும் உள்ளே போய்விட்டால் திரி டயருக்குள் விழுந்துவிடும். பிறகு திருகாமல், தயங்காமல், ஊசியை ஒரே இழுப்பில் நேராக வெளியே எடுங்கள். ஊசிக்கண்ணின் பிளவு வழியாகத் திரி நழுவி உள்ளேயே தங்கும், உள்பக்கத்தில் அதன் மடிப்பு ஒரு முடிச்சுபோல் நிற்கும், டயரின் காற்றே அந்த முடிச்சை வெளிநோக்கித் தள்ளி இறுக்கும். வெளியே நிற்கும் வாலை இழுக்காமல், 2 அல்லது 3 மில்லிமீட்டர் விட்டுக் கத்தியால் வெட்டுங்கள்; இழுத்துப் பிடித்து வெட்டினால் விட்டவுடன் திரி உள்ளே சுருங்கும். மிச்சம் ஓடும்போது தானே தேய்ந்துவிடும். மழை பெய்துகொண்டிருந்தால் ஓட்டை வாயைத் துடைத்துவிட்டு, முடிந்தால் மழை விட்ட பிறகு செய்யுங்கள். ஈரத்தில் பசை சரியாகப் பிடிக்காது. பசை தீப்பிடிக்கக் கூடியது என்பதால் பக்கத்தில் யாரும் சிகரெட் பிடிக்க வேண்டாம்.

இப்போது ஸ்டிக்கரில் உள்ள அளவு வரை நிரப்பி, திரியின் மேல் சோப்புத் தண்ணீர் விடுங்கள். ஒரு நிமிடம் கண்ணெடுக்காமல் பாருங்கள். பெரிய குமிழ் உடனே எழுந்தால் அடைப்பு தோல்வி. மிகச் சிறிய நுரை ஓரத்தில் மெல்லக் கூடிக்கொண்டே போனாலும் அது கசிவுதான். ‘பசை காய்ந்தால் நின்றுவிடும்’ என்று நம்பவேண்டாம். பழைய திரியின் பக்கத்தில் இரண்டாவது திரியைத் திணித்து நிறுத்துகிறவர்கள் உண்டு, அது சில சமயம் வேலையும் செய்யும். ஆனால் இரண்டு திரி கேட்கும் ஓட்டை திரியால் அடைக்கும் அளவைத் தாண்டியது என்றே நான் எடுத்துக்கொள்வேன், அப்படிச் செய்ததைப் பக்கத்துக் கடை வரை மெதுவாக ஓட்டிப்போக மட்டுமே நம்புவேன். குமிழ் இல்லையென்றால் மணிக்கு 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் சில கிலோமீட்டர் ஓட்டி, ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி மறுபடி அளந்து பாருங்கள். ஓடிய டயரில் சூட்டினால் அழுத்தம் 20 கிலோபாஸ்கலோ அதற்கு மேலோ கூடுதலாகக் காட்டும், ஆகவே எண்ணை மட்டும் பார்த்து ஏமாறவேண்டாம். அதே அச்சில் உள்ள மற்ற டயரையும் அளந்து ஒப்பிடுங்கள். மற்றது 240 காட்டும்போது இது 220 காட்டினால், ஸ்டிக்கர் அளவு சரியாக இருப்பதுபோல் தோன்றினாலும் உண்மையில் 20 குறைந்திருக்கிறது. மறுநாள் காலை, காரை எடுப்பதற்கு முன்னால் குளிர்ந்த டயரில் அளப்பதுதான் நம்பத்தக்க அளவு.

எத்தனை நாள் தாங்கும் என்ற கேள்விக்கு வருகிறேன். நம் ஊரில் பல கடைகளில் ‘தம்பால் சாச்சிங்’ என்று சொல்லி இதே திரியைத்தான் அடைத்து அனுப்புகிறார்கள். அப்படி அடைத்த டயர் தேய்ந்து முடியும் வரை ஓடியதை நானும் பார்த்திருக்கிறேன், அதே அடைப்பு ஒரு மாதத்தில் கசிந்து வந்ததையும் பார்த்திருக்கிறேன். ஆகவே ‘திரி போட்டால் போதும், வாழ்நாள் முழுக்க ஓடும்’ என்பவர்கள் பொய் சொல்லவில்லை. தங்களுக்கு நடந்ததைச் சொல்கிறார்கள். உங்கள் டயர் எந்த வகையில் சேரும் என்பதை வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது என்பதுதான் பிரச்சினை. உறுதியாகத் தெரிந்தது இவ்வளவு: டயரின் காற்றைப் பிடித்து வைப்பது உள்பக்கத்தில் இருக்கும் மெல்லிய ரப்பர் உறை. திரி ஓட்டையை நிரப்புகிறது, ஆனால் அந்த உறையை ஒட்டிச் சேர்ப்பதில்லை. உறைக்கும் திரிக்கும் இடையே மயிரிழை வழி இருந்தாலும் காற்று டயரின் நூல் அடுக்குகளுக்குள் ஊடுருவும். வெளியிலிருந்து மழைத்தண்ணீர் இறங்கினால் அறுபட்ட எஃகுக் கம்பி துருப்பிடிக்கும். துரு பரவினால் முகப்பு பட்டையிலிருந்து பிரியத் தொடங்கலாம். அமெரிக்க டயர் உற்பத்தியாளர் சங்கம் திரி மட்டும் செருகுவதை முறையான பழுதுபார்ப்பாக ஏற்றுக்கொள்வதில்லை. டயரைக் கழற்றிப் பார்த்து, ஓட்டையை ரப்பர்த் தண்டால் நிரப்பி, உள்ளுறையை ஒட்டால் மூடவேண்டும் என்பது அதன் நிலை. என் அனுபவமும் அதனோடு ஒத்துப்போகிறது. சாலையோரத் திரியை உங்களைக் கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாடாக வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் குறைந்த வேகத்தில் சில நாள் ஓட்டினால் ஆபத்து குறைவு. 110 கிலோமீட்டர் வேகத்தில், நிறைந்த காரில், நண்பகல் சூட்டில் ஈப்போ வரை ஓடுவது அந்தத் திரி செய்யவேண்டிய வேலை இல்லை.

திரி நன்றாக இருந்தும் டயர் கெட்டுப்போயிருக்கக் கூடிய ஒரு நிலை உண்டு. உங்கள் விஷயத்தில் நான் அதைத்தான் முக்கியமாகக் கவனிப்பேன். காற்று குறைந்த டயரை ஓட்டினால் பக்கச்சுவர் அளவுக்கு மீறி மடிந்து சூடேறி, உள்ளேயிருந்து சிதைகிறது. நிறுத்தியிருந்த காரில் காற்று இறங்கியிருந்தால் கவலையில்லை. காலையில் வீட்டிலிருந்து வரும்போதே இறங்கிக்கொண்டிருந்ததா என்பது நீங்கள்தான் நினைத்துப் பார்க்கவேண்டியது. ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுத்ததா, பின்பக்கம் மிதப்பதுபோல் இருந்ததா, டயர் எச்சரிக்கை விளக்கு எரிந்ததா என்று யோசியுங்கள். பக்கச்சுவரில் சுற்றிலும் ஒரு வளையம்போல் உரசல் தெரிந்தால் ஓடியிருக்கிறது என்று ஏறத்தாழ முடிவு செய்யலாம். தெரியாவிட்டாலும் உள்ளே பார்க்காமல் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

ஆகவே உங்கள் டயருக்கு இப்போது திரி தேவையே இல்லை. ஸ்க்ரூவைக் கழற்றாமல், வட்டம் போட்டு அப்படியே கடைக்குக் கொண்டுபோங்கள். உங்கள் ஸ்பேர் ஒல்லியான தற்காலிக வகையாக இருந்தால் அதில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று எழுதியிருக்கும். அதோடு நாளைக் கடத்தாதீர்கள். கடையில், கேட்காவிட்டால் வெளியிலிருந்து திரியைச் செருகிச் சில நிமிடத்தில் கொடுத்துவிடுவார்கள், குறிப்பாகத் தீபாவளி நெருங்கும் நாள்களில் கூட்டம் அதிகம். ரிம்மிலிருந்து கழற்றி உள்ளே ஒட்டவேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள், கழற்றியதும் உள்பக்கத்தை உங்களுக்கும் காட்டச் சொல்லுங்கள். கையை உள்ளே விட்டுப் பக்கச்சுவரைத் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் நல்லது. மிளகுத்தூள்போல் கறுப்புப் பொடி கையில் வந்தாலோ, ரப்பர் சுருங்கி நூல் தெரிந்தாலோ, எவ்வளவு நல்ல ஒட்டுப் போட்டாலும் அந்த டயரில் பயனில்லை. பொடி இல்லை, ஓட்டை நடுப்பகுதியில், 6 மில்லிமீட்டருக்குள் என்றால், தண்டோடு கூடிய உள் ஒட்டைப் போடச் சொல்லி, மாட்டிய பிறகு சக்கரத்தை பேலன்ஸ் செய்துகொள்ளுங்கள். பிறகு மூன்று நான்கு நாள் காலையில் குளிர்ந்த நிலையில் அளந்து வாருங்கள். நான்கு டயரும் ஒரே அளவில் நின்றால் அந்த டயரோடு ஈப்போவுக்குக் கிளம்பலாம், ஆட்கள் நிறைய ஏறுவதால் ஸ்டிக்கரில் முழுச் சுமைக்கென்று தனி அளவு கொடுத்திருந்தால் அதன்படி நிரப்பிக்கொள்ளுங்கள். ஈப்போவைத் தாண்டித் தெற்கே தாப்பா வரை போகும் எண்ணம் இருந்தால் ஈப்போவில் ஒருமுறை அளந்து பார்த்துவிட்டுப் போங்கள்.